உறுப்பினர் சந்தா புதுப்பிப்பு (ரோட்டரி சங்கங்கள்)

ரோட்டரி சங்கங்களில் சந்தா நிலுவையை வசூலிக்கும் முறையை உலகப் பொதுவான சங்க விதித்தொகுப்பு வரையறுக்கிறது. பல்லடம், திருப்பூர் வட்டாரச் சங்கங்களுக்கும் இதுவே அடிப்படை. ரோட்டரி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது.

கெடு முடிந்து 30 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், உறுப்பினருக்குச் செயலாளர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த நாளிலிருந்து மேலும் 10 நாள் அவகாசம் உண்டு. ஜூலை 1 கெடுவாக இருந்து ஆகஸ்ட் 1 அன்று கடிதம் எழுதப்பட்டால், ஆகஸ்ட் 11 கடைசி நாள். அதன் பிறகும் உறுப்பினர் தானாக நீங்கிவிடுவதில்லை. முடிவு நிர்வாகக் குழுவின் கையில் இருக்கிறது. பில் தொகை வரத் தாமதமாகும் விசைத்தறி உரிமையாளருக்கு இந்த இடைவெளி பெரிய உதவி. ஆகவே கடிதத்தில் தேதி விடுபடக் கூடாது; தேதி இல்லாவிட்டால் அவகாசம் எப்போது முடிகிறது என்பதே தகராறாகிவிடும்.

நீங்கியவர் விண்ணப்பித்துப் பழைய பாக்கி முழுவதையும் செலுத்தினால், குழு அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

தயக்கத்தால் பெயரை நீக்காமல் விடுவதுதான் வழக்கமான பிழை. ஜூலை 1, ஜனவரி 1 தேதிகளில் பட்டியலில் உள்ளோர் எண்ணிக்கைப்படி சர்வதேச அமைப்பு சங்கத்துக்குக் கட்டணம் விதிக்கிறது. சந்தா கட்டாதவருக்கான அரையாண்டுத் தொகையையும் சங்கமே கட்ட நேரும். டிசம்பரில் வரவேட்டையும் உறுப்பினர் பட்டியலையும் ஒப்பிட்டால் நீக்காமல் விட்ட பெயர்கள் தெரிந்துவிடும்.