விளம்பரத்தில் 'நம்ம ஆளு': மதிப்பாகக் காட்டுவது எப்படி?

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு விளம்பரம் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம்.

மின்னியல் கட்டணமுறை எல்லாருக்கும் உரியது என்று சொல்ல வந்த விளம்பரம் அது. அதில் நான்கு வாடிக்கையாளர்கள். நால்வராகவும் வேடமிட்டு நின்றவர் ஒரே சீன நடிகர்! தூடோங் அணிந்த மலாய்ப் பெண்ணும் அவரே, முகத்தைக் கருப்பாக்கிக்கொண்ட இந்திய ஊழியரும் அவரே. அந்த ஊழியரின் அடையாள அட்டையில் 'கே. முத்துசாமி' என்று பெயர் இருந்தது.

எதிர்ப்பு எழுந்ததும் விளம்பரம் மீட்டுக்கொள்ளப்பட்டது. தயாரிப்பில் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டன.

அது விதிமீறலா?

இல்லை. தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விளம்பரத்தை ஆராய்ந்தது. இணைய நடைமுறை விதிகள் மீறப்படவில்லை என்றாலும் விளம்பரம் ரசனைக் குறைவானது, சிறுபான்மையினரைப் புண்படுத்தியது என்பதே அதன் முடிவு.

அதாவது, எல்லாத் தவறையும் சட்டம் தடுத்துவிடாது. தடுக்கவேண்டிய இடம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. நடிகரைத் தேடும்போது எழுதும் அந்த நாலு வரிக் குறிப்புதான் அது.

குறிப்பில் என்ன எழுதுவது?

"இந்திய ஆண், 40 வயது, அலுவலக ஊழியர்." இப்படி எழுதினால் போதுமென்று தோன்றும். ஆனால் இதில் இனம் இருக்கிறது, ஆள் இல்லையே! அவர் என்ன செய்கிறார் என்பது தெரியாததால், நிறம், பெயர், உடை ஆகியவற்றை வைத்தே குழு அவரை உருவாக்கப் பார்க்கும்.

அதே விளம்பரத்தை இப்போது நாம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். குறிப்பை இப்படி மாற்றலாம்: "மதிய உணவு நேரம், உணவங்காடி நிலையம். வரிசை நீளம். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் கைத்தொலைபேசி. பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கிறார்களே என்ற பதற்றத்தில் கியூஆர் குறியீட்டை வருடுகிறார்."

இப்போது ஓர் ஆள் கிடைத்துவிட்டார். இந்திய நடிகர் ஒருவரையே அதற்குத் தேர்ந்தெடுங்கள். முகத்துக்குச் சாயம் பூசும் பேச்சே வராது. அடையாள அட்டை கழுத்தில் தொங்கினாலும் பரவாயில்லை. அவர் இந்தியர் என்று சொல்லும் வேலையை அந்த அட்டை செய்யத் தேவையில்லை, அவ்வளவுதான்.

உடை

உங்கள் அம்மா பேரங்காடிக்குப் போகும்போது என்ன போடுவார்? பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவுமா? தீபாவளி விளம்பரத்தில் அது பொருந்தும். சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் பொருந்தாது.

நான்கு இனத்தவரும் பாரம்பரிய உடையில் வரிசையாக நின்று சிரிக்கும் படங்களிலும் இதே சிக்கல்தான். இது எந்த நாள், எந்த நேரம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் உடை வெறும் அடையாளச் சீட்டாகிவிட்டது. அதற்காகச் சேலையே கூடாது என்பதில்லை. தினமும் சேலை கட்டும் பாட்டி கதையில் இருந்தால் அவர் சேலையில்தான் வரவேண்டும்.

வீடு

வீவக வீட்டுக் கூடத்தில் சோபா, துணி காயவைக்கும் கம்பு, பிள்ளையின் பள்ளிப்பை எல்லாம் கிடக்கும். மூலையில் சாமி படமும் இருக்கலாம். அது மூலையில் இருக்கும்வரை வீடு வீடாகத் தெரியும். கேமரா அந்தப் படத்திலிருந்தே காட்சியைத் தொடங்கினால், "இது இந்தியர் வீடு, கவனிச்சுக்கோங்க" என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

வேலை

இதை ஒரே ஒரு பாத்திரத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது. துப்புரவாளராக ஓர் இந்தியர் வருவது தவறில்லை. அந்த வேலைக்கு மதிப்பும் உண்டு. ஆனால் நிறுவனத்தின் கடந்த ஓராண்டு விளம்பரங்களை ஒரே தாளில் பட்டியலிட்டுப் பாருங்கள். பாத்திரத்தின் இனம், வேலை, வசனம் உண்டா என்று மூன்றே கட்டங்கள் போதும்.

மேலாளர்கள் எல்லாரும் ஓரினம், காவலாளிகள் எல்லாரும் வேறோர் இனம் என்றால் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். சிறுபான்மையினர் எப்போதும் சிரிப்பு மூட்டவோ பின்னால் நிற்கவோ மட்டும் வருகிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை

பெயர், உடை, நிறம் மூன்றையும் மனத்துக்குள் நீக்கிவிட்டு அந்தப் பாத்திரத்தைப் பாருங்கள். வரிசையில் பதற்றப்படும் நம் ஊழியர் அப்போதும் மிஞ்சுவார். 2019 விளம்பரத்தின் முத்துசாமியிடம் அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அடுத்த முறை பள்ளித் திட்டப்பணிக்கோ நண்பரின் கடைக்கோ காணொளி எடுக்கும்போது, கேமராவை எடுக்குமுன் இதைக் கேட்டுப் பாருங்கள். படப்பிடிப்பு முடிந்தபிறகு கேட்டால் மன்னிப்பு எழுத மட்டுமே நேரம் இருக்கும்.