301 சீட்டும் ஒரு பாதி சீட்டும்

செண்பகம் துரைராஜன் வழக்கைப் பற்றிப் பேசாதவர்கள் நம் ஊரில் குறைவு. வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் இங்கே எழுதப்போவது அந்தத் தீர்ப்பில் உள்ள சில எண்களைப் பற்றி மட்டும். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைக் கோப்புகளோடு பல வருடம் கழித்தவன் நான். திருப்புட்குழியிலிருந்து பஸ் பிடித்துப் போய்வந்த காலம் அது. தீர்ப்பைப் படிக்கும்போது மற்றவர்கள் கண் சட்டத்தின் மேல் போகும், என் கண் கணக்கின் மேல்தான் போகிறது.

அப்போது சென்னை மாகாணத்தில் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகள். மொத்தம் 330 இடங்கள். வெளி மாநிலத்தாருக்கு 17, அரசின் விருப்பப்படி கொடுக்க 12. இவை போனால் 301. அதைப் பிரிக்கும் விதி, ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2 (ஆணையில் இருந்த சொல் அது), ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

இந்த ஆணையில் சதவீதம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய 1927ஆம் ஆண்டு ஆணையிலும் அப்படித்தான், அதில் 14க்குப் பதில் 12. நூற்றுக்கு இத்தனை என்று எழுதினால் பின்னம் வந்து நிற்கும் என்பது அன்றைய அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழு எண்களாகவே ஒரு சுற்றை அமைத்து, சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் பின்னம் ஒழிந்துவிடவில்லை, கடைசிச் சுற்றில் போய் ஒளிந்துகொண்டது.

301 இடத்தை எடுத்துக்கொள்வோம். 21 முழுச் சுற்றுக்கு 294 இடம். மிச்சம் 7, அதாவது சரியாக அரைச் சுற்று. ஆறு பேருக்கு மூன்று, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே வந்தால் ஒரே ஒரு இடம் மிஞ்சும். அதில் கிறிஸ்தவருக்குப் பாதி, முஸ்லிமுக்குப் பாதி. இருவருக்கும் உரியது 21.5. டாக்டர் சீட்டைப் பாதியாக வெட்ட முடியாது. அரைக்கும் அதற்கு மேலும் இருந்தால் ஒன்று என்ற பள்ளிக்கூட விதியைப் போட்டால் இருவருக்கும் 22, மொத்தம் 302 ஆகிவிடும். இல்லாத இடம்.

பொறியியலில் இதே கதை வேறு உருவில். 395 இடம், வெளி மாநிலத்துக்கு 21, அரசுக்கு 12, மிச்சம் 362. பங்கிட்டால் பிராமணரல்லாதாருக்கு 155.14, மூன்று பிரிவினருக்குத் தலா 51.71, கடைசி இருவருக்குத் தலா 25.86. இங்கே எதுவும் சரியாகப் பாதியில் நிற்கவில்லை. இருந்தும் தனித்தனியே முழு எண்ணாக்கினால் 155, மூன்று 52, இரண்டு 26. கூட்டிப் பாருங்கள், 363 வரும்.

இதற்கு ஒரு வழி, முதலில் முழு எண்ணை மட்டும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடங்களைப் பெரிய பின்னம் உள்ளவருக்கு முதலில் கொடுப்பது. 362இல் முழு எண்கள் மட்டும் 358 வரும், மிச்சம் நான்கு. 0.86 உள்ள இருவருக்கும் ஒவ்வொன்று. மீதி இரண்டு இடத்துக்கு 0.71 என்று சமமாக நிற்பவர்கள் மூன்று பேர். அங்கே எந்தக் கணக்கும் உதவாது. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகன் காலக் கல்வெட்டில், 30 குடும்புக்கும் குடவோலை போட்டு ஆள் எடுத்து, 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம் என்று பிரித்திருக்கிறார்கள். முப்பதும் மிச்சமில்லாமல் தீர்கிறது. சமமாக நிற்பவர்களுக்கு நடுவே ஓலை எடுப்பதுதான் எனக்கும் நியாயமாகப் படுகிறது. அலுவலகங்களில் நடப்பது வேறு, பட்டியலில் யார் பெயர் மேலே அச்சாகியிருக்கிறதோ அவருக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய விஷயம், கணக்கை எந்த இடத்தில் போடுகிறோம் என்பது. மேலே நான் 301ஐ மொத்தமாகப் பிரித்தேன். உண்மையில் அந்த இடங்களை முதலில் நான்கு மாவட்டத் தொகுதிகளாகப் பிரித்துவிட்டுத்தான் வகுப்புவாரிக் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் 75 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் முஸ்லிம்களுக்கு 5.36, கிறிஸ்தவருக்கும் அதே. பெரிய பின்னம் 0.71 உள்ள மூன்று பிரிவினருக்கு மிச்ச இடம் மூன்றும் போய்விட, இவர்கள் இருவரும் 5இல் நிற்பார்கள். நான்கு தொகுதியிலும் இப்படியே நடந்தால் ஆளுக்கு 20. முந்நூறையும் ஒரே இடத்தில் வைத்துப் பிரித்திருந்தால் 21.43. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, விதியும் மாறவில்லை. நான்கு முறை வெட்டியதில் சிறியவர்கள் கையிலிருந்து ஒன்றரை இடம் நழுவிப் போகிறது.

இன்றைய தமிழ்நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. அரை வந்துவிட்டதால் நூறு புள்ளிச் சுழற்சி போதவில்லை, இரட்டித்து 200 ஆக்கினார்கள். 62, 53, 7, 40, 30, 6, 2. வேலை நியமனத்தில் இந்த இனச்சுழற்சி விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடரும். அதனால் இன்று கிடைக்காத பின்னம் காணாமல் போவதில்லை, வரிசையில் காத்திருக்கும். கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் ஆண்டுதோறும் புதிதாகப் போடப்படுவது.

ஒரு முறை எங்கள் பக்கத்து இருளர் ஒருவர் மகனோடு வந்தார். கணிதப் பிரிவில் 40 இடம். பையன் நன்றாகப் படித்தவன்.

"நூத்துக்கு ஒண்ணு எங்களுக்குன்னு சொல்றாங்களே சார், இங்க எத்தினி?"

நான் சொன்னேன், "நாற்பதுக்கு 0.4 வருதுப்பா. அரைக்குக் கீழே, அதனால இந்த வருஷம் இல்லே."

"போன வருஷம்?"

"போன வருஷமும் 0.4தான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. ஆண்டுதோறும் 0.4, ஆண்டுதோறும் பூஜ்யம். ஐந்து வருடத்தில் 200 இடத்துக்கு 2 கிடைக்க வேண்டியது, ஒன்றும் கிடைக்காது. அதே பின்னத்தைத் தூக்கி அடுத்த ஆண்டில் சேர்த்திருந்தால் முதல் வருடம் 0.4, இரண்டாம் வருடம் 0.8, அப்போது ஒரு இடம் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் வருடம் 1.2, ஏற்கெனவே ஒன்று கொடுத்தாயிற்று. நான்காம் வருடம் 1.6, இரண்டாவது இடம். ஐந்தாம் வருடம் 2.0, கணக்கு நேர். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிரிவுக்கு ஒரு பக்கம் போதும். நான் பார்த்தவரை யாரும் அப்படி ஒரு பக்கம் திறந்ததில்லை.

இன்னொரு கூத்தும் இதிலேயே உண்டு. 60 இடம் உள்ள பிரிவில் அதே ஒரு சதவீதம் 0.6, அது ஒன்றாகிவிடும். 60 இடப் பிரிவு பத்து இருந்தால் 6 கிடைக்க வேண்டிய இடத்தில் 10. 40 இடப் பிரிவு பத்து இருந்தால் 4 கிடைக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். இரண்டையும் ஒரே கல்லூரியின் ஒரே பட்டியலாகக் கூட்டினால் ஆயிரம் இடத்துக்குப் பத்து, சதவீதம் துல்லியமாகப் பொருந்தும். தணிக்கைக்கு வருகிறவர் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அந்தப் பையன் வணிகவியலில் சேர்ந்தான். அதில் 60 இடம் இருந்தது.