சிலுவை யுத்தங்களும் கீழைத்தேய வணிகமும்: காரணங்களும் விளைவுகளும் பற்றிய ஒரு நோக்கு

கி.பி. 1095ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி பிரான்சிய நகரான கிளெர்மொன்றில் இரண்டாம் ஏர்பன் பாப்பரசர் ஆற்றிய உரையுடன் சிலுவை யுத்தங்களின் வரலாறு தொடங்குவதாகக் கொள்வது மரபு. 1291இல் ஆக்கர் துறைமுகம் எகிப்திய மம்லூக்கியரிடம் வீழ்ந்ததுடன் அது பெருமளவில் முடிவுற்றதெனவும் கருதப்படுகின்றது. இவ்விரு நூற்றாண்டுகளின் விளைவாகவே மேற்கு ஐரோப்பா கீழைத்தேயத்துடன் வணிகம் செய்யக் கற்றது என்றும், அரபியரின் அறிவுச் செல்வம் மேற்கே சென்றது என்றும் பாடநூல்கள் பல கூறுகின்றன. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது முழுமையான உண்மையன்று. யுத்தம் வணிகத்தைத் தோற்றுவித்ததா அன்றி முன்னரே நிலவிய வணிகத்தின் வடிவத்தை மாற்றியதா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

முதலில் காரணங்களை நோக்குவோம். 1071இல் மன்சிக்கேட் என்னுமிடத்தில் பைசாந்தியப் படை செல்யூக் துருக்கியரிடம் தோல்வியுற்றது. அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் பூசல்களால் சின்னாசியாவின் பெரும்பகுதி பேரரசின் கையை விட்டு அகன்றது. 1081இல் அரியணையேறிய அலெக்சியஸ் கொம்னேனஸ் கூலிப்படைகளை நாடி மேற்கை நோக்கினார். அவருடைய தூதுவர் 1095 மார்ச்சில் பியாசென்சாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் உதவி வேண்டினர். பேரரசர் கேட்டது ஓரளவு குதிரைப் படையே. ஆனால் பாப்பரசர் எழுப்பியதோ எருசலேமை நோக்கிய ஒரு பேரியக்கம். இவ்வேறுபாட்டிற்கு மேற்கின் உள்நிலைமையிலேயே விடை காணல் வேண்டும். ஜேர்மானியப் பேரரசர் நான்காம் ஹென்றியுடன் பாப்பரசுக்கு நீண்ட பிணக்கு இருந்தது. பேரரசரின் ஆதரவு பெற்ற எதிர்ப் பாப்பரசர் ஒருவரும் இருந்தார். இந்நிலையில் கிறித்தவ உலகின் படைவீரரைத் தம் அழைப்பின்கீழ்த் திரட்டுவது ஏர்பனின் தலைமையை நிலைநாட்ட வல்லதாயிற்று.

பிரபுக்களும் வீரரும் அவ்வழைப்பை ஏற்றமைக்கு நிலப்பசியே காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. நிலம் மூத்த மகனுக்கே உரியதாகையால் நிலமற்ற இளைய மைந்தர் கிழக்கே வாழ்வு தேடினர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஆனால் துறவிமடங்களிற் பேணப்பட்ட நிலச்சாசனங்கள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. ஒரு வீரன் ஆயுதமும் குதிரையும் உணவும் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் செல்வதற்குப் பெரும்பொருள் செலவாயிற்று. அதற்காகப் பலர் தம் நிலத்தை விற்றனர் அல்லது ஈடு வைத்தனர். நோர்மண்டிக் கோமகன் ரொபேட், தம் நாட்டையே 10,000 மார்க் வெள்ளிக்குத் தம் சகோதரரான இங்கிலாந்து மன்னரிடம் ஈடு வைத்துப் புறப்பட்டார். 1099 யூலை 15இல் எருசலேம் கைப்பற்றப்பட்ட பின்னர் உயிர் தப்பியோரிற் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். அடுத்த ஆண்டில் எருசலேம் அரசில் எஞ்சியிருந்த குதிரை வீரர் ஏறத்தாழ 300 பேரே எனச் சமகால வரலாற்றாசிரியர் ஃபுல்ச்சர் குறிப்பிடுகின்றார். நிலம் பெறச் சென்றோர் நிலத்தை இழந்து சென்று, வென்ற நிலத்தையும் விட்டு மீண்டனர் என்பது பொருந்தாது. கிளெர்மொன்றுச் சங்கம், பொருளும் புகழும் நாடாது பக்தியினால் மட்டுமே எருசலேம் செல்வோருக்கு அப்பயணமே பாவத்திற்குரிய முழுப் பரிகாரமாகும் என விதித்தது. வாளேந்தி வாழ்ந்து, அவ்வாழ்வினாலேயே ஆன்மா கெடும் என அஞ்சிய ஒரு வகுப்பினருக்கு, வாளினாலேயே மீட்சி உண்டெனக் கூறிய வாக்கு இது. இதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதன் கொடிய முகத்தையும் மறைத்தலாகாது: 1096இல் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர் கொல்லப்பட்டமை அவ்வுணர்ச்சியின் முதல் அறுவடையாகும்.

வணிக நோக்கம் முதற் சிலுவை யுத்தத்தின் தோற்றத்திற் பெரும்பங்கு வகித்ததாகக் கூற இயலாது. இத்தாலிய நகரங்கள் ஏற்கெனவே கிழக்கில் வணிகம் செய்துகொண்டிருந்தன. அமால்பி நகர வணிகர் எகிப்துடனும் பைசாந்தியத்துடனும் உறவு பூண்டிருந்தனர். அலெக்சியஸ் பேரரசர் கடற்படை உதவிக்குப் பிரதியுபகாரமாக வெனிசியருக்குச் சுங்கவரி விலக்கும் அளித்திருந்தார். இவ்வாறு நன்றாக நடந்துகொண்டிருந்த வணிகத்தை யுத்தத்திற் பணயம் வைக்க வெனிஸ் விரையவில்லை. அதன் பெருங்கப்பற்படை எருசலேம் வீழ்ந்த பின்னரே, 1100இல், பலஸ்தீனத்தை அடைந்தது. ஆயினும் கரையோர நகரங்களை வெல்லக் கப்பல்கள் இன்றியமையாதன என்பது விரைவில் தெளிவாயிற்று. அத்தேவையே வணிகருக்கு வாயிலைத் திறந்தது.

அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைத் தைர் நகரின் வரலாறு நன்கு காட்டும். 1123இல் எருசலேம் மன்னர் இரண்டாம் போல்ட்வின் பகைவரிடம் சிறைப்பட்டிருந்தார். அவ்வேளையில் டோமெனிக்கோ மிக்கியேல் என்னும் வெனிசியத் தலைவர் கப்பற்படையுடன் வந்து, அஸ்கலோனுக்கு அப்பால் எகிப்தியக் கடற்படையை முறியடித்தார். தைர் நகரை முற்றுகையிடுவதற்கு அவருடைய உதவி தேவைப்பட்டது. மன்னரில்லாத நாட்டின் சார்பில் எருசலேம் மறைமுதல்வர் வார்முண்ட் அவருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். அதன்படி வெல்லப்படும் நகரின் மூன்றிலொரு பங்கு வெனிசியருக்கு உரியது. அதற்கும் மேலாக, அரசின் ஒவ்வொரு நகரிலும் அவர்களுக்கென ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு நீராடுமிடம், ஒரு அடுமனை என்பன வழங்கப்படும். தம்முள் எழும் வழக்குகளையும், தம்மவர்மீது பிறர் தொடுக்கும் வழக்குகளையும் அவர்கள் தம் நீதிமன்றிலேயே தீர்ப்பர். தம் நிறைகளையும் அளவைகளையும் பயன்படுத்துவர். சில விலக்குகள் தவிரச் சுங்கவரி செலுத்தார். 1124 யூலையில் தைர் வீழ்ந்தது.

இவ்வுடன்படிக்கையின் முக்கியத்துவம் அதன் நுணுக்கங்களிலேயே உள்ளது. வணிகன் ஒருவன் அயல் துறைமுகத்தில் வழக்கமாக அஞ்சுவன மூன்று: அறியாத சட்டம், நம்பவியலா நிறைகோல், முன்னறிவிப்பின்றி உயரும் வரி. இம்மூன்றும் ஒரே சாசனத்தால் நீங்கின. பீசாவும் ஜெனோவாவும் இத்தகைய சலுகைகளைப் பெற்றன. அரசுக்கு ஏற்பட்ட இழப்பும் இதுவே. துறைமுகச் செல்வம் பெருகியபோதும் அதிலொரு பகுதி மன்னரின் கருவூலத்தை அடையவில்லை. வெனிசியரும் ஜெனோவியரும் 1256இல் ஆக்கரில் ஒருவரோடொருவர் போரிடத் தொடங்கியபோது, அவ்வரசின் பலவீனம் வெளிப்பட்டது.

யுத்தத்தின் நடுவே வணிகம் எங்ஙனம் நடைபெற்றது என்பதற்கு ஸ்பானிய முஸ்லிம் யாத்திரிகர் இப்னு ஜுபைர் சான்று பகர்கின்றார். 1184இல் சலாகுதீன் கேராக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த அதே வேளையில், டமஸ்கஸிலிருந்து முஸ்லிம் வணிகர் கூட்டமொன்றுடன் அவர் ஆக்கருக்குச் சென்றார். படைகள் மோதுகையிலும் வணிகர் தடையின்றிச் சென்று வருவதை அவர் வியப்புடன் பதிவு செய்கின்றார். ஆக்கர்ச் சுங்கச் சாலையில் அரபு மொழி பேசவும் எழுதவும் வல்ல கிறித்தவக் கணக்கர் அமர்ந்திருந்தனர். அவர் ஊர் திரும்பக் கப்பலேறியதும் ஜெனோவியர் மரக்கலத்திலேயே.

ஆயினும் சிலுவை அரசுகளின் துறைமுகங்களே மிளகு வணிகத்தின் தலைவாயில் எனக் கொள்ளலாகாது. இந்துசமுத்திரப் பொருள்கள் ஏடன், செங்கடல், நைல் நதி வழியாக எகிப்தின் அலெக்சாந்திரியாவை அடைந்தன. மத்தியதரைக்கடலின் முதன்மையான வாசனைத் திரவியச் சந்தை அதுவே. அங்கும் இத்தாலியர் சென்றனர். தமக்கு எதிரான யுத்தத்திற்குரிய ஆயுதங்களை ஐரோப்பிய வணிகரே கொண்டுவந்து விற்கின்றனர் எனச் சலாகுதீன் பக்தாத் கலீபாவுக்கு எழுதினார். முஸ்லிம்களுக்கு ஆயுதம், இரும்பு, மரம் என்பவற்றை விற்போரைச் சபை விலக்கஞ் செய்யுமாறு 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது; விதி தேவைப்பட்டமையே அவ்வணிகம் நிகழ்ந்தமைக்குச் சான்றாகும். எகிப்தின் கடல்வழித் தொடர்பு எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதை, யாப்பகுவவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283இல் கெய்ரோவிலிருந்த சுல்தான் கலாவூனிடம் வணிகம் நாடித் தூதனுப்பியமை காட்டும். ஆறாண்டுகளின் பின் திரிப்போலியைச் சிலுவை வீரரிடமிருந்து கைப்பற்றியவரும் அதே கலாவூனே.

வணிகம் யுத்தத்தைப் பின்தொடர்ந்த நிலைமை மாறி, யுத்தம் வணிகக் கடனைப் பின்தொடர்ந்தமைக்கு நான்காம் சிலுவை யுத்தம் எடுத்துக்காட்டாகும். 1201இல் 4,500 குதிரை வீரரையும் 9,000 ஏவலரையும் 20,000 காலாட்களையும் ஏற்றிச்செல்ல 85,000 மார்க் வெள்ளிக்கு வெனிஸ் இசைந்தது. அதற்கெனக் கப்பல்களையும் கட்டியது. ஆனால் வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினரே; ஆகவே 34,000 மார்க் கடன் எஞ்சியது. அக்கடனைத் தவணையிட்டுப் பெறும் பொருட்டு முதலில் சாரா என்னும் கிறித்தவ நகர் தாக்கப்பட்டது. பின்னர், பைசாந்திய இளவரசன் ஒருவன் பெரும்பணம் தருவதாக அளித்த வாக்கை நம்பிப் படை கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குச் சென்றது. வாக்கு நிறைவேறவில்லை, 1204 ஏப்பிரலில் அம்மாநகர் சூறையாடப்பட்டது. நகரின் எட்டில் மூன்று பங்கு வெனிசுக்குக் கிடைத்தது. கிழக்குக் கிறித்தவரைக் காக்கவென எழுந்த இயக்கம் அவர்தம் தலைநகரையே அழித்தது.

இனிப் பண்பாட்டுத் தொடர்பை நோக்கின், அறிவு பரவிய வழி யுத்தம் நடந்த வழியன்று என்பது புலனாகும். அரபு நூல்கள் பெருமளவில் இலத்தீனாக்கப்பட்டவை ஸ்பெயினின் தொலேதோவிலும் சிசிலியிலுமே. தொலமியின் வானியல் நூலையும் இப்னு சீனாவின் மருத்துவ நூலையும் மொழிபெயர்த்த கிரெமோனா ஜெராட் தொலேதோவிற் பணியாற்றியவர். சிலுவை அரசுகளில், 1127இல் அந்தியோக்கியாவில் ஸ்தேவான் என்பவர் அல்-மஜூசியின் மருத்துவ நூலைப் பெயர்த்தமை போன்ற முயற்சிகள் சிலவே. இந்திய எண்களை மேற்கிற்கு விளக்கிய பீசா நகர லியனார்டோ அவற்றைக் கற்றது வட ஆபிரிக்கத் துறைமுகமான பூகியாவில். அவருடைய தந்தை அங்கு பீசா வணிகரின் சுங்க அலுவலராக இருந்தார். வாளேந்தியோர் முகாமிலன்றிக் கணக்கர் மேசையிலேயே அவ்வறிவு கைமாறியது.

சிலுவை அரசுகளில் நிகழ்ந்தது ஏட்டுக் கல்வியன்று, அன்றாட வாழ்வின் பழக்கமே. சிரியப் பிரபு உஸாமா இப்னு முன்கித் கூறும் நிகழ்ச்சி ஒன்று இதனை விளக்கும். எருசலேமில் அவர் தொழுதுகொண்டிருக்கையில், பிராங்கியன் ஒருவன் அவரைப் பிடித்துக் கிழக்கு நோக்கித் திருப்பினான். அவருடைய நண்பரான தெம்பிளார் வீரர் அவனை அகற்றி, அவன் அண்மையில் நாட்டிலிருந்து வந்தவன் எனக் கூறி மன்னிப்புக் கேட்டனர். பகைமை புதியவரிடத்தும் பழக்கம் குடியேறியோரிடத்தும் மிகுந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு புதிய யுத்தமும் புதியவரையே கொண்டுவந்தது. ஆதலின் அப்பழக்கம் வேரூன்ற வாய்ப்பின்றிப் போயிற்று.

1291இன் பின்னரும் வணிகம் நிற்கவில்லை. பாப்பரசரின் தடை நிலவிய காலத்தில் அது சைப்பிரசு, ஆர்மேனியக் கரை வழியாகச் சென்றது. 1345இல் வெனிஸ் மீண்டும் அலெக்சாந்திரியாவிற்கு நேரே கப்பல் விட்டது. சிலுவை அரசுகளுக்கு முன்னரும் இருந்து, அவற்றிற்குப் பின்னரும் நிலைத்த வணிகத்தை அவற்றின் விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. யுத்தங்கள் விளைத்தது இத்தாலிய நகரங்களுக்கு அயல் மண்ணில் தனித்தெருவும் தனிநீதியும் தந்த உரிமை முறையையே. அதன் விலையைச் செலுத்தியோரில் யூதரும் முஸ்லிம்களும் மட்டுமன்றிக் கிழக்குக் கிறித்தவரும் அடங்குவர்.