வட்டியும் இயற்கை அறமும்

கடனுக்கு வட்டி வாங்குவது தீதா? இடைக்கால ஐரோப்பாவில் இக்கேள்வி மிகக் கடுமையானது. 1179-ஆம் ஆண்டில் உரோமில் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் நடத்துவோர்க்கு நற்கருணையும் கிறித்துவ முறை அடக்கமும் இல்லையென விதித்தது. இத்தடைக்குச் சமய நூல்கள் ஆதாரம் காட்டின. ஆயினும், வேதத்தின் துணையின்றி இயற்கையை ஆராய்ந்தே வட்டி தீதெனப் பகுத்தறிவு காணமுடியும் என்று கல்விக்கூடங்களில் கற்பித்தனர். அக்கருத்தை வகுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலியரான தாமஸ் அக்குவினாஸ் (1225–1274).

மனிதனுக்கு இயல்பாக அமைந்த நாட்டங்கள் மூன்று வகையின என்பார் அவர். உயிரைக் காத்துக்கொள்ளும் நாட்டம் எல்லாப் பொருள்களோடும் பொதுவானது. மக்களைப் பெற்று வளர்க்கும் நாட்டம் விலங்குகளோடு பொதுவானது. உண்மையை அறிவதும், கூடி வாழ்வதும் மனிதனுக்கே உரியவை. ‘நன்மையைச் செய், தீமையை விலக்கு’ என்னும் முதல் விதியை இந்நாட்டங்களோடு பொருத்திப் பார்த்தால் பகுத்தறிவுக்கு அறநெறி புலப்படும். அதுவே இயற்கைச் சட்டம்.

ஆனால் முதல் விதியைவிட்டுத் தனி நிகழ்ச்சிகளை நோக்கி இறங்க இறங்க, முடிவின் உறுதி குறையும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்கும்போது திருப்பித் தரவேண்டும். இது பெரும்பாலும் சரி. தாய்நாட்டைத் தாக்குவதற்காக அவர் அதைக் கேட்டால் தரலாகாது. பொது விதி பிழையன்று; அது பொருந்தும் இடமே மாறிவிட்டது.

வட்டியை இம்முறையில் அவர் எவ்வாறு ஆராய்ந்தார் எனக் காண்போம். வீடு வேறு, அதில் குடியிருக்கும் பயன் வேறு. வீடு தன்னுடையதாக இருக்கவே அதன் பயனை மட்டும் விற்று வாடகை பெறலாம். கோதுமையும் திராட்சை மதுவும் அப்படியல்ல. அவற்றைப் பயன்படுத்துவதே அவற்றைத் தீர்ப்பதாகும். பணமும் இவ்வினத்தைச் சேர்ந்தது. செலவிடுவதே அதன் பயன். ஆகவே நூறு காசு கடன் கொடுத்தவன் நூறு காசு திரும்பப் பெற்றால் கணக்கு நேராகிவிடும். நூற்றுப்பத்து கேட்டால், மிகையான பத்துக் காசு எதற்கு விலை? காசிலிருந்து வேறான பயன் ஒன்று இல்லை. இல்லாத பொருளை விற்பது அநீதி.

கிரேக்க மொழியில் வட்டியைக் குறிக்கும் ‘தோக்கோஸ்’ என்னும் சொல்லுக்குக் குட்டி, குழந்தை என்றும் பொருள். பணம் பணத்தை ஈனுவது இயற்கைக்கு மாறு என்று அரிஸ்டாட்டில் கூறியதும் அதனால்தான். நம் பேச்சிலும் வட்டி குட்டி போடுகிறதன்றோ!

ஆயின் அக்குவினாஸ் எல்லா இலாபத்தையும் விலக்கவில்லை. வணிகனோடு கூட்டுச் சேர்ந்து முதல் போட்டவன் இலாபத்தில் பங்கு பெறலாம். அங்கே பணம் அவனுடையதாகவே இருக்கிறது. நட்டம் வந்தால் அவனையே சாரும். கடனிலோ பணம் வாங்கியவனுக்கே உடைமையாகிறது.

இம்முடிவை அசைத்தவர், பிரான்சிஸ்குச் சபைத் துறவி பீட்டர் ஜான் ஒலிவி (மறைவு 1298). அவர் வாழ்ந்த தென் பிரான்சில் வணிகம் பெருகியிருந்தது. வட்டி தீது என்பதை ஒலிவியும் மறுத்தாரல்லர். ஆனால் இலாபம் தரத்தக்க வணிகத்திற்கென உறுதியாக ஒதுக்கப்பட்ட பணம் வெறும் பணமன்று. விதைக்குள் விளைவு அடங்கியிருப்பதுபோல் அதில் இலாபம் அடங்கியிருக்கிறது என்றார். அத்தகைய பணத்தைப் பிறர் தேவைக்காக இழக்க நேர்ந்த வணிகன், அது தந்திருக்கக்கூடிய ஆதாயத்திற்கு ஈடு கேட்கலாம் என்பது அவர் முடிவு. அக்குவினாஸோ, இன்னும் கைக்கு வராத ஆதாயத்தை விற்கலாகாது என்று இதே ஈட்டை மறுத்திருந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் சியன்னா நகரத்துப் பெர்னர்தீன், ஒலிவியின் கருத்தைத் தம் நூலில் எடுத்தாண்டு பரப்பினார்.

இருவரும் ஒரே முறையைக் கையாண்டவர்கள்; ஒரே காசைத்தான் ஆராய்ந்தனர். ஒருவர் அதில் உண்டு தீரும் கோதுமையைக் கண்டார். மற்றவர் விதைக்க வைத்த கோதுமையைக் கண்டார். இல்லாததை விற்கலாகாது என்பதில் இருவர்க்கும் வேறுபாடில்லை. எது உள்ளது, எது இல்லாதது என்பதில்தான் வேறுபட்டனர். ஆகவே இயற்கையிலிருந்து அறத்தைப் படிக்கப் புகுவோர்முன் மற்றொரு கேள்வி நிற்கிறது: ஆராயப்படும் பொருளின் இயல்பு என்ன? களஞ்சியத்தில் கிடக்கும் கோதுமை இன்னதென்று தானே சொல்வதில்லை. உண்பதற்கோ விதைப்பதற்கோ அதை வைத்திருப்பவன் மனிதன். அவன் வாழும் சந்தை மாறியபோது, காசின் இயல்பு பற்றிய தீர்ப்பும் மாறியது. இறங்க இறங்க உறுதி குறையும் என்று அக்குவினாஸ் சொன்ன எச்சரிக்கைக்கு, அவருடைய வட்டிக் கணக்கே சான்றாயிற்று.