ஸ்காலர்ஷிப் கடிதம்: மார்க், பணக் கஷ்டம், எதிர்காலத் திட்டம்... எதை எவ்வளவு எழுதணும்?

வெளிநாட்டில் முதுகலை படிக்க ஸ்காலர்ஷிப் கடிதம் எழுத உட்கார்ந்ததும் வரும் முதல் குழப்பம் இதுதான்: சாதித்ததைச் சொல்வதா, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதா?

முதலில் நிபந்தனையைப் படியுங்கள்

பிரிட்டனின் செவனிங், பணத் தேவையை அளவுகோலாக வைப்பதில்லை. காமன்வெல்த் ஷேர்டு ஸ்காலர்ஷிப் அப்படியில்லை. உதவி இல்லாமல் பிரிட்டனில் படிக்க முடியாதவர்களுக்குத்தான் அது. கூடவே கல்வித் திறனையும், உங்கள் படிப்பால் சொந்த நாட்டுக்கு என்ன பயன் என்பதையும் பார்க்கிறார்கள். ஒரே கடிதத்தை ரெண்டுக்கும் அனுப்பினால் எடுபடாது.

ஒரு உதாரணம்

ராணிப்பேட்டையில் நிலத்தடி நீர்ப் பரிசோதனை செய்யும் 27 வயது பொறியாளர் ஒருவர், ஷேர்டு ஸ்காலர்ஷிப்புக்கு 500 வார்த்தையில் எழுதுவதாகக் கற்பனை செய்வோம்.

*தகுதி (சுமார் 180 வார்த்தை):* மார்க் ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கு. அதனால் ஒரே ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறார்: "தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள 40 கிணறுகளில் குரோமியம் அளவை எடுத்தோம். எந்தக் கிணறுகள் என்று தேர்வு செய்தது நான்." "எங்கள் குழு செய்தது" என்று மட்டும் எழுதினால் உங்கள் பங்கு என்னவென்று தெரியாது.

*தேவை (100 வார்த்தை):* இங்கே அழுகாச்சி வேண்டாம், கணக்குப் போதும். மொத்தச் செலவு 35 லட்சம், சேமிப்பு 3 லட்சம். குடும்பத்தின் மாத வருமானம் 48,000. வங்கி கேட்கும் பிணைக்குச் சொந்த வீடு இல்லை. நாலு வரியில் முடிந்தது. இந்த எண்களும் வருமானச் சான்றிதழும் ஒத்துப்போகணும்.

*திட்டம் (220 வார்த்தை):* பலர் சறுக்குவது இங்கேதான். "நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இவர் எழுதுவது: "மாசு நிலத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்று கணிக்கும் மாடலிங் எனக்குத் தெரியாது. இந்தப் படிப்பின் ரெண்டாம் பருவத்தில் அது இருக்கிறது. திரும்பி வந்து, அதே 40 கிணறுகளின் தரவை வைத்து எந்தக் கிணற்றை முதலில் மூடணும் என்று பட்டியல் தருவேன்." செய்த வேலை, தெரியாத விஷயம், படிப்பு, அடுத்த வேலை எல்லாம் ஒரே கோட்டில் வருது, பாருங்க.

அனுப்பும் முன் ரெண்டு சோதனை

படிப்பின் பெயரை அடித்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். கடிதம் அப்போதும் பொருந்தினால் திட்டம் பலவீனம்.

அடுத்து, பகுதிகள் ஒன்றையொன்று மறுக்கிறதா என்று பாருங்கள். ஷேர்டு ஸ்காலர்ஷிப்பில் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பணும். "ரெண்டு வருஷம் லண்டனில் வேலை பார்த்துவிட்டு வருவேன்" என்ற ஒரு வரி, மேலே எழுதிய அத்தனையையும் கெடுத்துவிடும்.