‘கடின உழைப்பாளி’ என்றால் போதாது: வெளிநாடு செல்லும் தாதிக்கான பரிந்துரைக் கடிதம்

வடக்கில் அரச வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதியில் பொறுப்புத் தாதியாகக் கடமையாற்றுகிறேன். பிரித்தானியாவுக்கு விண்ணப்பிக்கும் இளம் தாதியர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள். பலரின் கையில் மாதிரிக் கடிதம் ஒன்றும் இருக்கும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், பணிவானவர் என்று அதில் எழுதியிருக்கும். பெயரை மாற்றினால் அது யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அதை வாசிப்பவருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியவராது.

பாட அறிவை அளக்க அங்கே கணினிப் பரீட்சையும் செயல்முறைப் பரீட்சையும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு, அருகில் மூத்தவர் இல்லாதபோது அவர் என்ன செய்வார் என்பதைக் கூடவே வேலை செய்தவர்தான் சொல்லலாம்.

அண்மையில் ஒரு தங்கச்சிக்கு எழுதினேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தாலும், அதன் நடுப்பகுதியை இங்கே தமிழில் தருகிறேன்:

“டெங்குக் காய்ச்சல் தணிந்த, ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவரை இரவுக் கடமையில் இவர் கவனித்தார். இரவு எட்டு மணிக்குக் குருதி அமுக்கம் 110/74. நள்ளிரவில் 106/78. இரண்டு மணிக்கு 104/84. நாடித்துடிப்பு 92 இலிருந்து 118 ஆக ஏறியிருந்தது. கடைசி ஒரு மணித்தியாலத்தில் வெளியேறிய சிறுநீர் 15 மில்லிலீற்றர். உடனே பிசிவி பார்த்தார். 40 ஆக இருந்தது 48 ஆகியிருந்தது. இந்த எண்களுடன் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து, நேரில் வந்து பார்க்கும்படி கேட்டார். சேலைனின் அளவு மாற்றப்பட்ட பின் விடியும்வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவதானித்துப் பதிந்தார்.”

இதில் அவர் கெட்டிக்காரி என்று ஓரிடத்திலும் இல்லை. ஆனால் தாதியத் தொழில் தெரிந்தவருக்கு விளங்கும். மேல் எண் 104 என்பதைப் பார்த்து, ‘அமுக்கம் பரவாயில்லை’ என்று கடந்துபோவது எளிது. டெங்குவில் குருதிக் குழாய்களிலிருந்து நீர்க்கசிவு கூடும்போது மேல் எண் பெரிதாக இறங்காமலே கீழ் எண் ஏறும். எட்டு மணிக்கு இரண்டுக்கும் இடையில் 36 இருந்தது, இரண்டு மணிக்கு 20. இருபதுக்கு வந்தால் அதிர்ச்சி நிலை வாசலில் நிற்கிறது. ஐம்பது கிலோ எடைக்கு மணிக்கு 25 மில்லிலீற்றராவது சிறுநீர் போக வேண்டும். குருதி தடிப்பதை பிசிவி காட்டியது. மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் வைத்தியரை எழுப்பினார்.

அன்றிரவு நான் விடுதியில் இல்லை. காலையில் அவதானிப்புத் தாளைப் பார்த்தேன். நேரமும் எண்களும் அவருடைய கையெழுத்திலேயே இருந்தன. “மேல் எண் இறங்கேல்லை சிஸ்டர், ஆனா இடைவெளி சுருங்கிக்கொண்டு வந்தது” என்றார். பதிவில் இல்லாத எதையும் கடிதத்தில் சேர்ப்பதில்லை. நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், திகதி ஆகியவற்றையும் எழுதுவதில்லை.

செய்யாததையும் எழுதினேன். செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள நோயாளியை இவர் தனியாகப் பராமரித்ததில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பதானால் பயிற்சி வேண்டும் என்று ஒரு வரி. அதை வாசித்த தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. அந்த வரி இல்லாமல் போய், முதல் வாரமே அப்படி ஒரு கட்டிலுக்கு அருகில் தனியே நிறுத்தப்பட்டால் பாதிக்கப்படுவது நோயாளியும் அவரும்தான்.

2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்த பிள்ளை அவர். அதையும் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நான் எழுதவில்லை. சொல்வதானால் அதை அவரே சொல்லட்டும். என்னிடம் கேட்கப்பட்டது அவருடைய வேலையைப் பற்றி. இரக்கம் பார்த்து எடுத்த தாதி என்று ஒருவரும் அவரை நினைக்கக்கூடாது.

ஆனால் போர் வேறு வழியில் உள்ளே வரும். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்துப் பின்னர் பிரதி எடுத்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், தாதியர் பதிவில் இன்னொன்று என்று இருப்பதுண்டு. கடிதத்தில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆவணங்களுக்கிடையே வேறுபாடு இருந்தால் கடிதத்தில் அதைச் சரிக்கட்ட முயலாமல், விண்ணப்பிக்கும் முன்பே உரிய அலுவலகத்தில் திருத்திக்கொள்வது நல்லது.

இவர் போனால் இரவுக் கடமைக்கு யாரைப் போடுவது என்ற கவலை எனக்கு உண்டு. அதற்காகக் கடிதத்தைத் தாமதிக்கவோ மங்கலாக எழுதவோ முடியாது.

கடிதத்தாளில் என் பதவி, அவரை மேற்பார்வை செய்த காலம், வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கம், உத்தியோகபூர்வ மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைப் போட்டேன். இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சந்தேகத்துடன் பார்ப்பார்கள். கடிதம் உண்மையா என்று கேட்டுச் சில மாதங்கள் கழித்தும் மின்னஞ்சல் வரலாம். அதனால் ஒப்பமிட்ட பிரதி ஒன்றை அவருடைய சேவைக்காலத் திகதிகளுடன் சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறேன்.