தீர்ந்த வழக்கும் தீராத வழக்கும்: பெரியநீலாவணை வளவொன்றை முன்வைத்து

குடியியல் நடவடிக்கைமுறை வினாத்தாள்களில் ஒரே தரப்பினரிடையே இரண்டு வழக்குகளைக் கண்டால், மாணவர்கள் முன்தீர்ப்புத் தடை, அதாவது ரெஸ் யுடிக்காட்டா, என்று எழுதிவிடுகிறார்கள். முதல் வழக்கில் தீர்ப்பாணை வந்துவிட்டதா என்று பார்ப்பவர் குறைவு. மாவட்ட நீதிமன்றங்களில் தாக்கலாகும் மறுமொழிகளிலும் இதே தவறு உண்டு. நிலுவையிலுள்ள இணை வழக்கு முன்தீர்ப்புத் தடையின் சற்று வலுக்குறைந்த வடிவம் அன்று. இரண்டுக்கும் அடிப்படை வேறு, கேட்கும் பரிகாரம் வேறு, கணக்கிடும் திகதியும் வேறு. இலங்கைச் சட்டத்தில் இந்த மூன்றாவது வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்முனை மாநகர எல்லைக்குள் வடகோடியில் உள்ள பெரியநீலாவணையில் ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். இது வினாத்தாளுக்கான கற்பனை. ஆனால் இந்தக் கரையில் யாருக்கும் அந்நியமானதல்ல. மகளுக்குச் சீதனமாக உம்மா 20 பேர்ச் வளவை நன்கொடை உறுதியால் எழுதிக்கொடுத்தார். அதன் கிழக்கு ஓரத்து 6 பேர்ச் துண்டு, வாப்பா தனக்கு எழுதிய உறுதிக்குள் அடங்கும் என்கிறார் நானா. சுனாமிக்குப் பின் பழைய வேலியும் இல்லை. 2019இல் நானா கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் அத்துண்டுக்கு உரித்துப் பிரகடனமும் தங்கையை வெளியேற்றும் கட்டளையும் கேட்டு வழக்கிடுகிறார். அதே வழக்கில் தங்கை எதிர்க்கோரிக்கை போட்டிருக்கலாம். சட்டத்தரணி என்ன நினைத்தாரோ, 2020இல் அதே துண்டுக்கு அவரும் தனி வழக்கிட்டுவிடுகிறார்.

தங்கையின் வழக்கில் நானாவின் மறுமொழி, ‘இது முன்தீர்ப்பால் தடைப்பட்டது, தள்ளுபடி செய்க’ என்கிறது. இந்த வாதம் நிற்காது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 207ஆம் பிரிவு தீர்ப்பாணைக்கே இறுதித்தன்மை கொடுக்கிறது. வழக்குத் தாக்கலானதற்கு அல்ல. 2020இல் தீர்ப்பாணை எதுவும் இல்லை. நானா கேட்டிருக்க வேண்டியது தள்ளுபடியை அல்ல, பிந்திய வழக்கை நிறுத்திவைக்கும் கட்டளையை. இந்தியாவில் இதற்கு 1908ஆம் ஆண்டுக் கோவையின் 10ஆம் பிரிவு இருக்கிறது. முந்திய வழக்கின் நேரடியான, முக்கியமான பிரச்சினையே பிந்திய வழக்கிலும் இருந்தால், பிந்தியதன் விசாரணையை நீதிமன்றம் தொடரக்கூடாது. வழக்கிடுவதை மட்டும் அப்பிரிவு தடுப்பதில்லை. நமது கோவையில் அதற்கு இணையான பிரிவு இல்லை. ஆகவே 839ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கும் உள்ளார்ந்த அதிகாரத்தைத்தான் நாட வேண்டும். அது நீதிபதியின் தற்றுணிபு; கேட்பவர் காரணம் காட்டியாக வேண்டும்.

இதனோடு இன்னொரு குழப்பமும் சேர்வதுண்டு. வேலி போடப் போய்க் கைகலப்பாகி, பொலிசார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் தகவல் தாக்கல் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்கையே ஆட்சியில் இருக்கிறார் என்று கட்டளை கிடைக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் ‘காணிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது’ என்று வாதிட முடியாது. குடியியல் வழக்கில் நிலைநாட்டக்கூடிய உரிமையை அக்கட்டளை பாதிக்காதென்று அச்சட்டத்தின் 74ஆம் பிரிவே சொல்கிறது. ராமலிங்கம் எதிர் தங்கராஜா வழக்கில் (1982) நீதியரசர் சர்வானந்தா விளக்கியதும் இதைத்தான்: அங்கே பார்க்கப்படுவது யார் கையில் காணி இருக்கிறது என்பது, யாருக்கு உரித்து என்பது அல்ல. உரித்து அங்கே தீர்மானிக்கப்படாததால் அது முன்தீர்ப்பு ஆகாது. இரு மன்றுகளும் கேட்கும் கேள்வி வேறு என்பதால், உரித்து வழக்கை நிறுத்திவைக்கப் போதுமான இணை வழக்கும் ஆகாது.

இனி வினாவின் கடினமான பகுதி. நிறுத்திவைக்கும் கட்டளையை யாரும் கேட்காததால் இரண்டு வழக்குகளும் நடக்கின்றன. பிந்தித் தொடங்கிய தங்கையின் வழக்கு முந்தி முடிகிறது: 2022இல் கிழக்குத் துண்டு அவருடையதென்று தீர்ப்பாணை. 2019இல் தொடங்கிய நானாவின் வழக்கு இன்னும் விளக்கத்தில். எது எதைத் தடுக்கும்?

நிலுவை வழக்கு பற்றிய ஆட்சேபம் தாக்கல் திகதியைப் பார்ப்பது. முன்தீர்ப்புத் தடை தீர்ப்புத் திகதியைப் பார்ப்பது. இந்தியக் கோவையின் 11ஆம் பிரிவுக்கான முதலாம் விளக்கம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது: முந்திய வழக்கென்றால் முந்தித் தீர்க்கப்பட்ட வழக்கு, எது முந்தித் தொடங்கியது என்பது பொருட்டல்ல. நமது 207ஆம் பிரிவின் விளக்கத்திலோ, இறுதித் தீர்ப்பாணைக்குப் பின்னர் அதே வழக்கெழு காரணத்தின் மீது அதே தரப்பினரிடையே வழக்குப் பொருளாக்க முடியாது என்ற தொனி இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் நானா தப்பிவிடலாம். அவர் வழக்குத் தீர்ப்பாணைக்குப் பின் தொடங்கியதல்ல. வழக்கெழு காரணமும் ஒன்றல்ல: அவர் முறையிடுவது தன் உரித்தைத் தங்கை மறுத்ததைப் பற்றி, தங்கை முறையிட்டது தன் உரித்தை நானா மறுத்ததைப் பற்றி.

அந்த வாசிப்பை ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. சாமிச்சி எதிர் பீரிஸ் வழக்கில் (1913) உயர் நீதிமன்றம், முன்தீர்ப்புத் தடை பற்றிய நமது சட்டம் முழுவதும் கோவையின் 34, 207, 406ஆம் பிரிவுகளுக்குள் அடங்கிவிடவில்லை என்று ஏற்றுக்கொண்டது. கோவைக்கு வெளியே உள்ள பொதுக் கோட்பாட்டின்படி, தரப்பினர் இடம் மாறி வழக்காளி எதிராளியானாலும், அவர்களிடையே தீர்க்கப்பட்ட அதே உரித்துக் கேள்வியை மறுபடி கிளப்ப முடியாது. தீர்ப்பின் அதிகாரம் தீர்ப்பிலிருந்து பிறக்கிறது. வழக்கு இலக்கத்திலிருந்து அல்ல. ஆகவே 2022இன் தீர்ப்பாணை 2019இன் வழக்கைத் தடுக்கும். தங்கை அதை நானாவின் வழக்கில் புதிய எழுவினாவாக எழுப்ப வேண்டும். வெறும் தீர்ப்பு மட்டுமன்றி வழக்குரைகள், எழுவினாக்கள், தீர்ப்பாணை ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளையும் முன்வைக்க வேண்டும். எது தீர்மானிக்கப்பட்டதென்பதை அவற்றிலிருந்தே காட்ட முடியும். அது சட்டம் பற்றிய எழுவினா என்பதால், 147ஆம் பிரிவின் கீழ் முதலில் விசாரிக்கும்படி கேட்கலாம்.

நானா சும்மா இருக்கப்போவதில்லை. கல்முனையிலுள்ள குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்கிறார். 207ஆம் பிரிவு, தீர்ப்பாணை மேன்முறையீட்டுக்கு உட்பட்டே இறுதியானது என்கிறது. அந்தச் சொற்களின் விளைவை அண்ணாமலைச் செட்டி எதிர் தோர்ன்ஹில் என்ற இலங்கை வழக்கில் பிரிவி கவுன்சில் 1931இல் தீர்த்துவைத்தது: மேன்முறையீடு செய்யப்பட்டால் தீர்ப்பாணையின் இறுதித்தன்மை அதற்குக் கட்டுப்பட்டதாகிவிடும், அதே தரப்பினரிடையே முன்தீர்ப்பாக அது இயங்காது.

இங்கேதான் இரண்டு கோட்பாடுகளும் கைகோக்கின்றன. நேற்றுவரை தங்கையின் கையில் இருந்தது முன்தீர்ப்புத் தடை. மேன்முறையீட்டு மனு ஏற்கப்பட்ட கணத்தில் அது நிலுவை வழக்கு பற்றிய ஆட்சேபமாகச் சுருங்குகிறது. தள்ளுபடி கேட்கும் உரிமை போய், நிறுத்திவைக்கக் கேட்கும் நியாயம் மட்டும் மிஞ்சுகிறது. மேன்முறையீடு தள்ளுபடியானால் தடை முழுப்பலத்தோடு மீளும். தீர்ப்பு மாற்றப்பட்டால், மேன்முறையீட்டுத் தீர்ப்பே இனி முன்தீர்ப்பு. வெறும் காலங்கடத்தலுக்காக மேன்முறையீடு செய்பவருக்கு இது வசதிதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் நிறுத்திவைக்கப்படுவது அவருடைய சொந்த வழக்கு என்பதால் அதில் அவருக்கு லாபம் அதிகமில்லை. மாறாக, மாவட்ட நீதிபதி நானாவின் வழக்கைத் தொடர்ந்து விசாரித்து அவருக்குச் சார்பாகத் தீர்த்தால், ஒரே 6 பேர்ச்சுக்கு எதிரெதிரான இரண்டு தீர்ப்பாணைகள் இருக்கும்.

ஆகவே இந்த வினாவுக்கு எழுத வேண்டிய விடை, தள்ளுபடியும் அல்ல, விசாரணையைத் தொடர்வதும் அல்ல. சட்ட எழுவினாவைப் பதிவு செய்து, மேன்முறையீடு முடியும்வரை 2019ஆம் ஆண்டு வழக்கை 839ஆம் பிரிவின் கீழ் நிறுத்திவைப்பதே மாவட்ட நீதிபதி இடவேண்டிய கட்டளை.